நெளிந்த கதவும் ஒரு படமும்

நண்பர் ஒருவரின் மகன் வட்ஸ்அப்பில் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். காரின் பின்கதவு உள்ளே நெளிந்திருந்தது. அதன் குறுக்கே நீண்டதொரு கீறல். கீழே ஒரே ஒரு வரி: "மாமா, காப்புறுதிக்கு இது போதுமா?"

போதாது என்று பதில் எழுதிவிட்டு யோசித்தேன். செய்தி ஆசிரியர்களின் மேசைக்கு விளக்கக் குறிப்பில்லாமல் வந்து சேரும் படங்கள் நினைவுக்கு வந்தன. யார், எங்கே, எப்போது என்று தெரியாத படத்தை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் செய்தி வெளியிடமாட்டார். காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளரும் அப்படித்தான். கதவு நெளிந்திருப்பதை அவர் மறுக்கப் போவதில்லை. அது எப்படி நெளிந்தது என்பதே அவரது கேள்வி.

விசாரித்தபோது கதை வெளிவந்தது. வெள்ளவத்தையில், காலி வீதியின் நெரிசலில், முச்சக்கரவண்டி ஒன்று பக்கவாட்டில் உரசியிருக்கிறது. சாரதி மன்னிப்புக் கேட்டார். இவரும் பரவாயில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். வண்டியின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளவில்லை. படம் எடுத்ததோ இரண்டு நாள் கழித்து, வீட்டு முற்றத்தில்.

அந்த இடத்திலேயே நான்கு படங்கள் எடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். முதலாவது, பத்து அடி பின்னே நின்று, இரு வாகனங்களும் அவற்றின் இலக்கத் தகடுகளும் வீதியும் தெரிய ஒரு படம். இரண்டாவது, மற்ற வாகனத்தில் பட்ட அடி. முச்சக்கரவண்டியின் முன்பகுதி எந்த உயரத்தில் இருக்கிறதோ, கதவின் நெளிவும் ஏறத்தாழ அதே உயரத்தில் இருக்கவேண்டும். அதன் வர்ணம் கீறலில் ஒட்டியிருக்கவும் கூடும். மூன்றாவது, கார் முழுவதும் தெரியும் படம். நான்காவதுதான் நெளிவை அண்மையில் காட்டும் படம். அதையும் நேரே நின்று எடுத்தால் நெளிவு மறைந்துவிடும். சற்றுச் சரிந்து நின்று எடுத்தால், தகட்டில் விழும் பிரதிபலிப்பு வளைந்து, பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்திலிருந்து, அது எடுக்கப்பட்ட நேரமும் இடமும் பற்றிய பதிவுகள் நீங்கிவிடுகின்றன. ஆகவே மூலப்படத்தைத் தொலைபேசியிலிருந்து அழித்துவிடக் கூடாது.

படங்களை எடுத்த கையோடு காப்புறுதி நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு அழைக்கவேண்டும். மதிப்பீட்டாளர் அவ்விடத்துக்கு வருவார். அல்லது சிறிய சேதமென்றால் படங்களை அனுப்பச் சொல்வார்கள். சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ் ஆகியவை கையில் இருக்கவேண்டும். அவர்கள் பார்வையிட்டு அனுமதிக்கும் வரை கராஜுக்குக் கொடுத்துத் தட்டி நிமிர்த்தக் கூடாது. நாள் தள்ளிப்போனாலும் சிக்கல்தான். கடற்கரை நகரமான கொழும்பில், வர்ணம் உரிந்த தகட்டில் துரு விரைவாகவே ஏறும். துருவைக் கண்டால் இது பழைய அடி என்ற சந்தேகம் எழுவது இயல்பு.

வீதியோரச் சமாதானங்களிலும் ஓர் ஆபத்து உண்டு. தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுப்பதையோ, நட்டஈடு தருவதாக வாக்களிப்பதையோ நிறுவனத்தின் சம்மதமின்றிச் செய்யக் கூடாதென்று காப்புறுதி ஒப்பந்தங்களில் பொதுவாகவே நிபந்தனை இருக்கும். மரியாதையாகப் பேசலாம், கையெழுத்திடக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு, உரிமை கோரத்தான் வேண்டுமா என்பது என் கேள்வி. உதாரணமாக ஒரு கணக்கு. திருத்தச் செலவு 45,000 ரூபா. ஒப்பந்தப்படி நாமே ஏற்கவேண்டிய முதற்தொகை 10,000. ஆகவே கிடைப்பது 35,000. ஆண்டுக் கட்டணம் 100,000 என்றும், உரிமை கோராமல் இருந்ததற்கான கழிவு 50 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். இப்போது செலுத்துவது 50,000. உரிமை கோரியதும் அந்தக் கழிவு 30 சதவீதமாகக் குறைந்தால் அடுத்த ஆண்டு 70,000. மறு ஆண்டு 40 சதவீதத்துக்கு ஏறினால் 60,000. இரண்டு ஆண்டுகளிலும் மேலதிகமாகச் செலுத்துவது 30,000. மிஞ்சுவது 5,000 ரூபா மட்டுமே. திருத்தச் செலவு 38,000 ஆக இருந்தால் 2,000 ரூபா நட்டம். கழிவு எவ்வளவு குறையும் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும். அதைக் கேட்டறிந்த பின்னரே விண்ணப்பத்தில் கைவைக்க வேண்டும்.

இந்தக் கணக்கை அந்த இளைஞருக்கும் அனுப்பினேன். கராஜில் கேட்ட தொகை 30,000 ரூபாவுக்கும் குறைவு என்றார். சொந்தப் பணத்திலேயே திருத்திக்கொண்டார். ஆனால் முச்சக்கரவண்டியின் இலக்கம் மட்டும் இருந்திருந்தால், அந்தப் பணத்தை இவர் கொடுத்திருக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.