நகைக்கடன் ஏட்டில் எத்தனை பார்த்தால் போதும்?

“நூற்றுக்குப் பத்து பார்க்கப்பட்டது” என்று ஆய்வுக் குறிப்பில் எழுதிவிட்டு எழுந்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதற்குக் கணித ஆதாரம் ஏதும் இல்லை என்பதே என் அபிப்பிராயம். வேதாரண்யம் வட்டத்து அங்கத்தினர் பலருக்கும் பழக்கமான நகைக்கடனைக் கொண்டே இதை விளக்க முயல்கிறேன்.

நகையின் எடையையும் தரத்தையும் எழுதி மதிப்பீட்டாளர் கடன் மனுவில் கையொப்பமிட வேண்டும். நகைப்பை பெட்டகத்துக்குள் செல்லும்போது சாவிப் பொறுப்பாளர் இருவரும் கையொப்பமிட வேண்டும். இதுதான் சங்கத்தின் காவல். ஆய்வாளர் ஒவ்வொரு மனுவிடமும் கேட்பது ஒரே கேள்வி: மூன்று கையொப்பங்களும் உள்ளனவா, இல்லையா? ஒன்று குறைந்தாலும் அது ஒரு வழு. கடன் பத்தாயிரமா இரண்டு லட்சமா என்பது இந்தக் கேள்விக்குப் பொருட்டன்று.

ஆண்டுக்கு 200 நகைக்கடன் வழங்கும் சிறு சங்கம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நூற்றுக்குப் பத்து என்றால் 20 மனுக்கள். அச்சங்கத்தில் நூற்றுக்கு ஐந்து மனுக்கள் பழுதுள்ளவையாக இருந்தாலும், எடுத்த இருபதும் பழுதின்றி அமைய ஏறத்தாழ மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. 3,000 கடன் வழங்கும் பெரிய சங்கத்திலோ அதே வழக்கம் 300 மனுக்களைப் புரட்டச் சொல்கிறது. அவ்வளவு தேவையே இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கும் ஓர் அண்டாச் சோற்றுக்கும் பதம் பார்க்க எடுக்கும் பருக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அதுவும் கிளறிவிட்டு எடுத்தால்.

எண்ணிக்கையைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு. முதலாவது, பொறுக்கத்தக்க வழு விகிதம்: எவ்வளவு தவறியிருந்தாலும் இந்தக் காவலை நம்பலாம் என்று நாம் முன்கூட்டியே வகுக்கும் எல்லை. நகைக்கடனுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இடங்கொடுப்பது தகாது என்பேன். பத்து என்று தளர்த்தினால் 29 மனுக்களோடு வேலை முடிந்துவிடும். அந்தச் சலுகைக்காகவே தளர்த்துவோரும் உண்டு. ஐந்து என்று வைத்து, வழுவே இராது என்றும் எதிர்பார்த்தால் 59 மனுக்கள் வேண்டும். காரணம் எளிது. நூற்றுக்கு ஐந்து பழுது இருக்குமானால் ஒரு மனு நல்லதாக அமையும் வாய்ப்பு 0.95. அதை 59 முறை பெருக்கினால் 0.05-க்குச் சற்றுக் கீழே இறங்கும். அதாவது, நாம் ஏமாறும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கும் குறைவு. முன்சொன்ன சிறு சங்கத்தில் 51 போதும். பெரிய சங்கத்திலும் 59-க்கு மேல் போகாது.

இரண்டாவது, எதிர்பார்க்கும் வழு விகிதம். சென்ற ஆண்டு ஆய்வில் நூற்றுக்கு ஒன்று போல் தவறு கிடைத்திருந்தால், இவ்வாண்டு வழுவே இராது என்று எண்ணுவது பேதைமை. அப்போது 93 மனுக்கள் எடுக்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு எதிர்பார்த்தால் 181 ஆகிவிடும். எதிர்பார்ப்பது பொறுக்கத்தக்க எல்லையை நெருங்க நெருங்கத் தொகை இவ்வாறு வீங்கும். அந்நிலையில் கையொப்பங்களை எண்ணுவதை விட்டு, பெட்டகத்தைத் திறந்து நகைகளையே நிறுத்துப் பார்ப்பது உத்தமம்.

93 எடுத்தோம், ஒரு வழு கிடைத்தது. அதற்கு முன்பே இடம் விட்டிருக்கிறோமாகையால் காவலை நம்பலாம். இரண்டு கிடைத்தால்? உண்மை விகிதம் நூற்றுக்கு ஆறரை வரை இருக்கலாம் என்பதை மறுக்க இயலாது. நமது எல்லை கடந்துவிட்டது. “இன்னும் பத்து பார்ப்போம், சரியாகிவிடும்” என்று காரியதரிசி சொல்வார். அதற்கு இணங்கினால், வேண்டிய விடை கிடைக்கும்வரை எண்ணுவதாகத்தான் முடியும். ஆகவே எல்லையையும் எண்ணிக்கையையும் ஏட்டைத் திறக்குமுன்பே எழுதிக் கையொப்பமிட்டு வைப்பது நல்லது.

மாதிரியை எடுக்கும் இடமும் முக்கியம். மனுக்கட்டிலிருந்து எடுக்கலாகாது, மனுவே இல்லாமல் கொடுத்த கடன் அக்கட்டில் இராதல்லவா? கடன் பேரேட்டின் வரிசை எண்களிலிருந்து குலுக்கல் முறையில் எண்களைத் தேர்ந்து, அவற்றுக்குரிய மனுக்களைக் கேட்க வேண்டும். “அந்த மனு அகப்படவில்லை” என்றால் அதுவும் வழுவே. அதற்கு ஈடாக வேறொன்றை ஏற்பது முறையன்று.

இம்முறை காட்டாத ஒன்றும் உண்டு. 2021 செப்டம்பரில் ஐந்து சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது, தமிழகக் கூட்டுறவு நிறுவனங்களின் நகைக்கடன்கள் முழுமையாக ஆராயப்பட்டன. சில சங்கங்களில் போலி நகைக்குக் கடன் கொடுத்திருப்பது வெளிவந்தது. மதிப்பீட்டாளரும் சாவி வைத்திருப்பவர்களும் உடன்பட்டுச் செய்த காரியமானால் மனுவில் மூன்று கையொப்பங்களும் செவ்வனே இருக்கும். 93 அல்ல, 3,000 மனுக்களைப் பார்த்தாலும் ஒரு வழுவும் தென்படாது. உரைகல்லும் தராசும் வெளியிலிருந்து அழைத்து வந்த வேறொரு மதிப்பீட்டாளரும்தான் அதைக் காட்டித் தர முடியும்.