30 இலட்சம் கிடைத்தது என்று எழுதுவதற்கு முன்



சென்ற வாரம் மஃரிபுக்குப் பிறகு நமது பழைய மாணவர்கள் நால்வர் வீட்டுக்கு வந்தார்கள். சில்லறைக் கடைகளின் கடன் கொப்பியைத் தொலைபேசிக்குள் கொண்டுவரும் ஒரு ஆப்பை மூன்று வருடமாகச் செய்துகொண்டிருக்கும் பிள்ளைகள். கொழும்பில் நடந்த ஒரு போட்டியில் தெரிவாகி, 30 இலட்சம் ரூபா மானியம் கிடைத்திருக்கிறது. நமக்கும் சந்தோசம்தான். தேநீர் குடித்து முடிந்ததும் ஒருவர் தொலைபேசியை நீட்டினார்.

"சேர், இதப் போடப் போறம். எழுத்துப் பிழை இரிந்தா மட்டும் பாத்துத் தாங்க."

எழுத்துப் பிழை இரண்டுதான் இருந்தது. ஆனால் பதிவைத் திருத்தி முடிக்க இரவு பத்து மணியாகிவிட்டது. அந்த நான்கு மணித்தியாலத்தில் பேசியதை ஊருக்கும் சொல்லலாம் என்று பிள்ளைகள் அனுமதி தந்ததால் எழுதுகிறோம். இன்று நமதூரில் விருதும் நிதியும் பெறும் இளைஞர்கள் கூடிவிட்டார்கள். அறிவிப்பு எழுதும்போது எல்லோரும் வழுக்குகின்ற இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

அவர்கள் எழுதி வந்தது இப்படி இருந்தது:

"கனவிலும் நினைக்காத வெற்றி! தகுதியற்ற எங்களுக்கு இறைவன் தந்த பரிசு. இலங்கையின் முதலாவது டிஜிட்டல் கடன் கொப்பி 30 இலட்சம் ரூபா முதலீட்டைப் பெற்று சாதனை படைத்தது. எங்களை நம்ப மறுத்தவர்களுக்கு இதுவே பதில். இரவு பகல் பாராமல் உழைத்த நால்வருக்கும், வெற்றிக்குப் பின்னால் நின்ற அனைவருக்கும் நன்றி."

முதலில் பணத்தைப் பற்றிக் கேட்டோம். இது முதலீடா, மானியமா? மானியம் என்றார்கள். அப்படியென்றால் முதலீடு என்று எழுதக் கூடாது. முதலீடு என்றால் பணம் போட்டவர் கம்பனியில் பங்கு எடுத்திருக்கிறார், அல்லது பிறகு எடுப்பார் என்று அர்த்தம். மானியத்தில் பங்கு போவதில்லை. ஆனால் எதற்குத் தந்தார்களோ அதற்குத்தான் செலவழிக்க வேண்டும், கணக்கும் காட்ட வேண்டும். பரிசுப் பணம் வேறு, கடன் வேறு. நான்கையும் ஒரே சொல்லால் எழுதினால், நாளைக்கு உண்மையாகவே முதலீடு செய்ய வருகின்ற ஒருவர் "ஏற்கெனவே பங்கு கொடுத்திட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்.

அடுத்து, 30 இலட்சமும் கையில் வந்துவிட்டதா? இல்லை. ஒப்பந்தத்தைப் பார்த்தோம். மூன்று தவணை. கையெழுத்திட்டதும் 10 இலட்சம், அது வந்துவிட்டது. 50 கடைகள் மூன்று மாதம் தொடர்ந்து ஆப்பைப் பாவித்தால் 12 இலட்சம். செலவுக் கணக்கு சமர்ப்பித்த பிறகு மீதி 8 இலட்சம். இப்போது பாவிக்கின்ற கடைகள் 17. ஆகவே இன்று "30 இலட்சம் பெற்றோம்" என்பது நடந்து முடிந்த விசயமல்ல. அதை எழுதினால் என்ன நடக்கும் என்று நமதூரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கைமாற்றுக் கேட்டு உறவினர் வருவார்கள். மூன்று மாதமாகச் சம்பளம் பிந்திக் கொடுத்த பிள்ளை, "காசு இரிந்தும் தரல்ல" என்று மனம் நோவாள். இரண்டாம் தவணை வராமல் போனாலோ, "30 இலட்சத்தையும் என்ன செஞ்சாங்க?" என்ற பேச்சு பள்ளிவாசல் வாசல் வரைக்கும் வரும்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. தங்கள் பெயரோ சின்னமோ வரும் எந்த அறிவிப்பையும் வெளியிடமுன் எழுத்தில் அனுமதி பெற வேண்டும் என்று. இப்படியான நிபந்தனை பல ஒப்பந்தங்களில் வரும். தருபவர்கள் தாங்களே முதலில் அறிவிக்க ஒரு திகதி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வாசித்திருக்கவில்லை. அன்றிரவே மின்னஞ்சல் போட்டார்கள். இரண்டு நாளில் அனுமதி வந்தது.

இரண்டாவது, பெருமை. "இலங்கையின் முதலாவது" என்பதை எப்படித் தெரியும் என்று கேட்டோம். "நாங்க தேடிப் பாத்தம் சேர், வேற இல்ல" என்றார்கள். தேடியபோது கிடைக்காதது இல்லாததாகிவிடாது. இந்தியாவில் காதாபுக், ஓகேகிரெடிட் போன்ற ஆப்கள் இதே வேலையை வருடக்கணக்காகச் செய்கின்றன. இங்கும் யாராவது ஒரு மூலையில் செய்திருக்கலாம். ஒருவர் வந்து கீழே இணைப்பைப் போட்டால், பதிவில் இருக்கின்ற மற்ற உண்மைகளும் சேர்ந்து விழும். "17 கடைகள் பாவிக்கின்றன" என்பதை யாராலும் விழுத்த முடியாது.

"தகுதியற்ற எங்களுக்கு" என்பதில்தான் அதிக நேரம் போனது. அது பணிவு என்று பிள்ளைகள் நினைத்தார்கள். போட்டிக்கு விண்ணப்பித்து, மூன்று சுற்றுப் போய், நடுவர் முன்னால் "நாங்கள்தான் தகுதியானவர்கள்" என்று வாதாடி வென்றவர்கள், வென்ற பிறகு தகுதி இல்லை என்றால் வாசிப்பவர் நம்பமாட்டார். "இல்லை தம்பி, நீங்க தகுதியானவங்கதான்" என்று அவர் வாயால் சொல்ல வைக்கின்ற வேலை அது. அல்ஹம்துலில்லாஹ் என்று ஒரு தரம் உள்ளத்தால் சொன்னால் போதும். பெருமையை மறைக்கின்ற போர்வையாக அந்தச் சொல்லைப் பாவிக்கக் கூடாது. "நம்ப மறுத்தவர்களுக்குப் பதில்" என்ற வரியை அவர்களாகவே வெட்டிவிட்டார்கள். யாரை நினைத்து எழுதினீர்கள் என்று கேட்டபோது, ஒருவருடைய வாப்பாதான் என்று தெரிந்தது.

ஒரு பிள்ளை நியாயமாக ஒரு கேள்வி கேட்டார்: "சேர், நாங்க சொல்லாட்டி எங்களப் பத்தி யார் சொல்லுவா? அடுத்த நிதி தாறவங்களும் இதத்தானே பாப்பாங்க?" உண்மை. தொகையை மறைப்பதும் பணிவல்ல. "ஒரு சிறு உதவி கிடைத்தது" என்று எழுதினால் தந்தவருக்குச் செய்கின்ற அநியாயம் அது. நமது அபிப்பிராயம் இதுதான்: நடந்ததைத் தொகையோடும் எண்ணிக்கையோடும் சொல்வது பெருமையல்ல. அதற்கு மேலே "சாதனை", "வரலாறு" என்று நாமே மாலை போட்டுக்கொள்கின்ற இடத்தில்தான் பெருமை தொடங்குகிறது. அந்தச் சொற்களை மற்றவர்கள் வந்து கீழே எழுதட்டும்.

மூன்றாவது, நன்றி. "அனைவருக்கும் நன்றி" என்றால் ஒருவருக்கும் நன்றி சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். அந்த வரியை வெட்டி இன்னொரு குழுவின் பதிவில் ஒட்டினாலும் பொருந்தும். ஆகவே ஒரு தாளை எடுத்து, யார், என்ன செய்தார், அவர் செய்யாவிட்டால் எது இல்லாமல் போயிருக்கும் என்று எழுதச் சொன்னோம். பன்னிரண்டு பேர் வந்தார்கள். முதல் ஆறு மாதம் தன் கடையில் கொப்பியையும் ஆப்பையும் இரண்டையும் எழுதி, எங்கே கணக்குப் பிழைக்கிறது என்று காட்டிய கடைக்கார நானா. பழைய கொப்பிகளில் இருந்து கணக்குகளை உட்கார்ந்து பதிந்த தங்கை.

அந்தப் பட்டியலை எழுதும்போது ஒருவர் பேனையை வைத்துவிட்டார். "சேர், நாங்க நாலு பேரில்ல. அஞ்சி பேர்."

ஐந்தாமவரையும் நமக்குத் தெரியும். அவரும் நமது வகுப்புத்தான். ஆப்பின் முதல் வடிவத்தை இரண்டு மாதம் தனியாக இருந்து எழுதியவர் அவர். வாப்பா நோயில் விழுந்ததும் வேலை தேடிக் கட்டாருக்குப் போனார். போகும்போது பங்கு விசயத்தில் ஒரு மனக்கசப்பு. ஒரு வருடமாக யாரும் பேசவில்லை. அவருடைய உம்மா இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். "நால்வர்" என்று போட்ட பதிவை அவரும் பார்ப்பார், அந்தத் தாயும் பார்ப்பார்.

விட்டுப் போனவரை எழுதாமல் விடுவதுதான் இப்படியான பதிவுகளில் நடக்கின்ற மிகப் பெரிய தவறு. பெருமை பேசினால் கேட்பவருக்கு எரிச்சல் வரும், ஒரு நாளில் மறந்துவிடுவார்கள். பெயரை விட்டால் ஒரு மனிதரின் உழைப்பே இல்லாமல் போகிறது. ஆனால் கேட்காமல் பெயரைப் போடவும் கூடாது. அங்கே வேலை செய்கின்ற இடத்தில் அவருக்கு அது சிக்கலாகலாம். அன்றிரவு அங்கேயே இருந்து அவருக்கு அழைத்தார்கள். முதல் ஐந்து நிமிடம் இரண்டு பக்கமும் சரியாகப் பேச்சு வரவில்லை. பெயரைப் போடலாம், படம் வேண்டாம் என்றார். பங்கு விசயம் இன்னும் தீரவில்லை. அதை ஒரு பதிவு தீர்க்காது.

மற்றவர்களிடமும் கேட்டார்கள். கடைக்கார நானா, கடையின் பெயரைப் போட வேண்டாம் என்றார்; தங்கள் கடன் வெளியே தெரிந்துவிட்டதோ என்று வாடிக்கையாளர் நினைப்பார்கள். பதிவு செய்த தங்கை பெயர் சரி, 'டேக்' வேண்டாம் என்றாள்.

கடைசியாக ஒழுங்கு. முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் முதல் சில வரிதான் தெரியும். மீதி 'மேலும் பார்க்க' என்பதற்குள் ஒளிந்துவிடும். பலர் அதைத் திறப்பதில்லை. ஆகவே செய்தியும் முதல் நன்றியும் அந்த வரிகளுக்குள் வர வேண்டும். பெயர்களை எடுத்துவிட்டு, வெளிவந்த பதிவை இங்கே தருகிறோம்:

"எங்கள் கடன் கொப்பி ஆப்புக்கு 30 இலட்சம் ரூபா மானியம் ஒதுக்கப்பட்டுள்ளது. அல்ஹம்துலில்லாஹ். இதன் முதல் வடிவத்தை எழுதியவர் இன்று கட்டாரில் இருக்கும் எங்கள் நண்பர். அவரில்லாமல் இது தொடங்கியிருக்காது. முதல் தவணை 10 இலட்சம் கிடைத்துள்ளது. மீதி, 50 கடைகள் பாவித்து, நாங்கள் கணக்குக் காட்டிய பிறகு. இன்று 17 கடைகள் பாவிக்கின்றன. ஆறு மாதம் இரண்டு கொப்பி எழுதி எங்கள் பிழைகளைக் காட்டிய கடைக்காரருக்கும், பழைய கணக்குகளைப் பதிந்த தங்கைக்கும் நன்றி. இந்தப் பணம் ஆப்பைச் சிங்களத்திலும் கொண்டுவரவும், பிந்திய சம்பளங்களைக் கொடுக்கவும் செலவாகும். உங்கள் கடைக்குத் தேவையென்றால் சொல்லுங்கள், வந்து காட்டுகிறோம்."

சம்பளத்துக்குச் செலவழிக்கலாமா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுத்தான் அந்த வரியைச் சேர்த்தோம்.

பதிவுக்கு வந்த விருப்பங்கள் முந்திய பதிவுகளை விடக் குறைவுதான். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் நான்கு கடைக்காரர்கள் அழைத்திருக்கிறார்கள். ஐந்தாமவரின் உம்மா அந்தப் பதிவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, எழுத்துச் சிறிதாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாராம்.

விருது பெற்ற, பெறப்போகின்ற பிள்ளைகளே, பதிவைப் போடமுன் ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். குழுவை விட்டுப் போனவரில் இருந்து தொடங்குங்கள்.