முதலில் கட்டம், பிறகு கேள்வி

வினாத்தாள் தயாரிப்பவர் எடுத்த எடுப்பில் கேள்வி எழுதக் கூடாது, முதலில் கட்டம் போட வேண்டும் என்பது என் கட்சி. இல்லாவிட்டால் கை தனக்குப் பிடித்த பாடத்துக்கும், எழுதச் சுலபமான 'எந்த ஆண்டு' கேள்விக்கும்தான் போகும்.

ஆசிரியையாக இருக்கும் என் அண்ணன் மகள் 8-ஆம் வகுப்பு வரலாற்றுக்கு 40 மதிப்பெண் தாள் தயாரித்தாள். "புளூபிரிண்ட் போடணும், உட்காருங்க சித்தப்பா" என்றாள். அரசாங்கக் கணக்குப் பதிவேட்டில் காலம் தள்ளியவனுக்கு அது பழகிய வேலைதான். நான்கு பாடங்களை நடத்த 4, 8, 5, 3 என்று 20 பீரியடு ஆகியிருந்தது. பீரியடுக்கு 2 மதிப்பெண் என்று வைத்தால் 8, 16, 10, 6. இது இடமிருந்து வலமாக வரும் கூட்டல். மேலிருந்து கீழே வேறொரு கூட்டல்: நினைவுக்கு 12, புரிதலுக்கு 16, பயன்படுத்தலுக்கு 8, ஆராய்தலுக்கு 4. இரண்டும் 40-இல் சந்திக்க வேண்டும். 16 மதிப்பெண் பாடம் ஐரோப்பியர் வருகை. அதை நான்கு நிலைக்கும் நான்கு நான்காகப் பிரித்தோம்.

கணக்கு சரியாக வந்துவிட்டால் தாள் சரி என்று நினைப்பதுதான் ஆபத்து. டச்சுக்காரர் புதுச்சேரியைப் பிடித்தது எந்த ஆண்டு என்றால் 1693, அது நினைவு. ஐரோப்பாவில் நடந்த போரால் இங்கே ஓர் ஊர் ஏன் கைமாறியது என்பது புரிதல். 1697 ரிஸ்விக் உடன்படிக்கைப்படி 1699-இல் ஊர் திரும்பக் கிடைத்ததே, அப்படியானால் ஒரு வணிகக் கம்பெனியின் பலம் கோட்டையிலா, தாய்நாட்டு அரசியலிலா என்பது ஆராய்தல். ஆனால் இதே கேள்விக்கு வகுப்பில் விடை எழுதிப் போட்டிருந்தால் அதுவும் வெறும் நினைவுதான். விடை நோட்டில் வரிக்கு வரி இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் ஒப்புவிக்க ரெசிதாசியோன் தனி, வாதிட்டு எழுத திசெர்த்தாசியோன் தனி. ஒன்றை மற்றதாகக் காட்ட வழியில்லை.

இன்னொரு ஓட்டை 'அல்லது'. மேலே சொன்ன ஆராய்தல் கேள்விக்கு மாற்றாக வேறு பாடத்திலிருந்து ஒரு மனப்பாடக் கேள்வி வைத்தால், பிள்ளைகள் அதைத்தான் எடுப்பார்கள். ஆராய்தலின் 4 மதிப்பெண்ணும் காகிதத்தோடு நின்றுவிடும். மாற்றுக் கேள்வி அதே பாடத்தில், அதே நிலையில், அதே மதிப்பெண்ணில் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டம் தாள் தயாரிப்பவரின் மேசையோடு நிற்கட்டும். எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே மாணவர் கைக்குப் போனால், 6 மதிப்பெண் பாடத்தை யாரும் திறக்க மாட்டார்கள். எல்லாப் பாடத்தையும் தொட வைக்கப் போட்ட கட்டமே ஒரு பாடத்தை விட்டுவிட வழிகாட்டியாகிவிடும்.