மின் நிலையத்தின் உரிமம் யார் கையில்?

"என் தம்பி சிறிய அளவில் சாரம் கட்டும் தொழில் செய்கிறான். ஒரு மின் நிலையத்தின் பராமரிப்பு வேலைக்குச் சாரம் கட்டிக் கொடுத்தான். ஆறு மாதமாகியும் பணம் வரவில்லை. நிலையத்தின் பெயரில் இருந்த நிறுவனத்துக்குக் கோரிக்கைக் கடிதம் அனுப்பினோம். அந்த நிலையம் எங்களுடையது அல்ல என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அப்படியானால் அது யாருடையது? அதை எங்கே பார்ப்பது?" என்று நெகிரி செம்பிலானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பணத் தகராறு இன்னும் முடியவில்லை என்பதால் அந்த நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. தேடும் முறையை மட்டும் காட்ட, இந்தத் தகராறோடு எந்தத் தொடர்பும் இல்லாத, பொதுப் பதிவுகளில் எல்லா விவரமும் உள்ள வேறோர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். அது போர்ட்டிக்சன் மாவட்டக் கடலோரத்தில் உள்ள ஜிமா.

அங்கு நிற்பவை ஒன்றல்ல, இரண்டு நிலக்கரி மின் நிலையங்கள். இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டின் பெயரிலும் ஜிமா இருக்கிறது. வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் "ஜிமா பிளாண்ட்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் இரண்டுக்கும் உரிமம் பெற்ற நிறுவனங்கள் வேறு, அவற்றின் பின்னால் உள்ள பெரும்பான்மை முதலாளிகளும் வேறு. போதாக்குறைக்கு அதே மாவட்டத்தில் டிஎன்பியின் துவாங்கு ஜாஃபார் எரிவாயு மின் நிலையமும் உண்டு. "போர்ட்டிக்சன் மின் நிலையம்" என்று மட்டும் எழுதிய கடிதம் எந்த வாசலுக்கும் போய்ச் சேரலாம்.

ஆகவே முதல் வேலை, பெயரை விட்டுவிட்டு நிலையத்தின் அடையாளத்தைப் பிடிப்பது. மூன்று விவரங்கள் போதும். எரிபொருள் என்ன, எத்தனை மெகாவாட், எந்த ஆண்டில் மின்சாரம் தரத் தொடங்கியது? ஜிமாவில் பழைய நிலையம் 700 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு கொண்டது, மொத்தம் 1,400. அது 2009-இல் இயங்கத் தொடங்கியது. புதியது 1,000 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு, மொத்தம் 2,000. அது 2019-இல் வந்தது. பெயரில் குழப்பம் வரலாம், இந்த எண்களில் வராது. தம்பியிடமும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: "நீ சாரம் கட்டியது எந்த யூனிட்டில்?" வேலை அனுமதிச் சீட்டிலோ பாதுகாப்புப் பயிற்சி அட்டையிலோ அது அநேகமாக அச்சாகியிருக்கும்.

இரண்டாவது படி உரிமம். தீபகற்ப மலேசியாவில் 1990-ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி, உரிமம் இல்லாமல் யாரும் மின்சாரம் தயாரித்து விற்க முடியாது. அந்த உரிமத்தைக் கொடுப்பது எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகா. அதில் இரண்டு வகை உண்டு. பிறருக்கு மின்சாரம் விற்க லெசென் அவாம் எனும் பொது உரிமம், சொந்த உபயோகத்துக்கு மட்டும் தயாரிக்க லெசென் பெர்செண்டிரியான் எனும் தனியார் உரிமம். பெரிய மின் நிலையம் என்றால் முதல் வகையில்தான் தேட வேண்டும். செம்பனை ஆலை தன் தேவைக்கு வைத்திருக்கும் ஜெனரேட்டர் இரண்டாவது வகையில் வரும்.

ஆணையம் வெளியிடும் உரிமதாரர் பட்டியல்களிலும் ஆண்டுப் புள்ளிவிவர ஏடுகளிலும் நிறுவனத்தின் பெயர், நிலையம், எரிபொருள், மெகாவாட் ஆகியவை இருக்கும். கையில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால், 1,400 மெகாவாட் நிலக்கரிக்கு நேராக Jimah Energy Ventures Sdn Bhd என்றும், 2,000 மெகாவாட்டுக்கு நேராக Jimah East Power Sdn Bhd என்றும் வரும். ஒரு பட்டியலில் இயந்திரத்தின் முழுத் திறனும், இன்னொன்றில் நிலையத்தின் சொந்தச் செலவு போக வெளியே அனுப்பும் திறனும் தரப்படுவதுண்டு. அதனால் எண்ணில் சிறிய வித்தியாசம் இருந்தால் பதற வேண்டாம். நூற்றுக்கணக்கான மெகாவாட் வித்தியாசம் இருந்தால்தான் தவறான நிலையத்தைப் பிடித்திருக்கிறோம் என்று பொருள்.

மூன்றாவது படி நிறுவனப் பதிவு. உரிமதாரரின் முழுப் பெயரை எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தின் இணையச் சேவையில் தேடி, சிறிய கட்டணத்துக்கு நிறுவன விவரத்தாளை வாங்கலாம். பதிவு முகவரி, இயக்குநர்கள், பங்குதாரர்கள், நிறுவனம் இயங்குகிறதா அல்லது மூடப்படுகிறதா என்பவை அதில் இருக்கும்.

அந்தத் தாளில் பதிவு எண்ணைக் கவனியுங்கள். 2019 முதல் அது 12 இலக்கம். டிஎன்பியின் எண் 199001009294. முதல் நான்கு இலக்கம் நிறுவனம் பதிவான ஆண்டு, 1990. அடுத்த 01 என்பது உள்நாட்டு நிறுவனம் என்பதைக் குறிக்கும். மீதி வரிசை எண். ஒரே குழுமத்தில் ஏறக்குறைய ஒரே பெயருடன் நாலைந்து நிறுவனங்கள் இருக்கலாம். ஹோல்டிங்ஸ் என்று ஒன்று, நிலையத்தை இயக்கிப் பராமரிக்க ஒன்று, கடன் வாங்குவதற்கென்றே ஒன்று. பெயர் ஒத்துப்போனால் போதாது. உரிமத்திலும் ஒப்பந்தத்திலும் உள்ள எண்ணும் இந்த எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பலர் இடறுவது இதற்கு அடுத்த படியில்தான். பழைய நாளிதழ்ச் செய்தியை எடுத்துவைத்துக்கொண்டு "இது இன்னாருடையது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஜிமாவின் கதையைப் பாருங்கள். 2014-இல் பழைய நிலையத்தின் பெரும்பான்மைப் பங்கு 1எம்டிபியின் கைக்குப் போனது. புதிய நிலையத்தைக் கட்டும் வாய்ப்பும் அதே ஆண்டில், ஜப்பானின் மிட்சுயியுடன் சேர்ந்த 1எம்டிபிக்கே கிடைத்தது. அப்போது செய்திகளில் அதன் பெயர் புரோஜெக்ட் 3பி. அடுத்த ஆண்டே அந்தத் திட்டத்தின் 70 விழுக்காட்டை டிஎன்பி ஏறக்குறைய 4 கோடியே 70 லட்சம் வெள்ளிக்கு எடுத்துக்கொண்டது. 2015 நவம்பரில் 1எம்டிபி தன் மின்துறைப் பிரிவான எட்ராவை, 983 கோடி வெள்ளிக்குச் சீனாவின் அரசு அணுமின் குழுமமான சிஜிஎன்னுக்கு விற்க ஒப்பந்தம் செய்தது. பழைய ஜிமா அதனுடன் போயிற்று.

ஆக, 2014-ஆம் ஆண்டுச் செய்தியைப் படித்தவருக்கு இரண்டு நிலையங்களும் 1எம்டிபியுடையவை. 2016-இல் ஒன்றுகூட அப்படி இல்லை. பழையதன் பின்னால் எட்ரா, அதன் பின்னால் சீனக் குழுமம். புதியதில் டிஎன்பிக்கு 70, மிட்சுயிக்கும் ஜப்பானின் சுகோகு மின் நிறுவனத்துக்கும் ஆளுக்கு 15 விழுக்காடு. ஆனால் இத்தனை கைமாற்றத்திலும் ஜிமா எனர்ஜி வெஞ்சர்ஸ், ஜிமா ஈஸ்ட் பவர் என்ற இரண்டு நிறுவனங்களும் அதே பெயரில் நின்றன. விற்கப்பட்டவை பங்குகள். உரிமம் அந்தந்த நிறுவனத்திடமே இருந்தது. அதனால்தான் முதலில் உரிமதாரரைப் பிடித்துவிட்டு, பிறகு பங்குதாரர் ஏணியில் ஏற வேண்டும் என்கிறேன். மேலிருந்து இறங்கினால் வழி தவறும்.

ஏணியின் மேல்படிகளைச் செலவில்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. இத்தகைய நிலையங்கள் சுக்கூக் கடன் பத்திரம் வெளியிட்டே கட்டப்படுகின்றன. ஜிமா ஈஸ்ட் பவர் 2015-இல் வெளியிட்டது 898 கோடி வெள்ளி. அந்தப் பத்திரங்களுக்குத் தரமிடும் நிறுவனங்கள் அவ்வப்போது வெளியிடும் அறிக்கையில், பங்கு யாரிடம் எத்தனை விழுக்காடு, நிலையம் எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் வரும். அறிக்கையின் தேதியை மட்டும் கவனிக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம் டிஎன்பியால் வருவது. நம் வீட்டு மின் கட்டணச் சீட்டில் டிஎன்பி பெயர் இருப்பதால் எல்லா மின் நிலையமும் அவர்களுடையது என்று நினைக்கிறோம். இரண்டு ஜிமாக்களும் நீண்டகால ஒப்பந்தத்தில் டிஎன்பிக்குத்தான் மின்சாரம் விற்கின்றன. ஆனால் பழையதில் டிஎன்பி மின்சாரத்தை வாங்கும் வாடிக்கையாளர், உரிமதாரர் அல்ல. மின்சாரத்தை வாங்குகிறவருக்குக் கோரிக்கைக் கடிதம் எழுதினால், எங்களுடையது அல்ல என்ற பதில்தான் வரும். அது உண்மையும்கூட.

இனி தம்பியின் பணத்துக்கு வருவோம். உரிமதாரர் யார் என்று தெரிந்துவிட்டதாலேயே அவர் தம்பிக்குக் கடன்பட்டவர் ஆகிவிட மாட்டார். பணம் தர வேண்டியவர், வேலை ஆணையில் கையெழுத்திட்டவர். உரிமதாரர் பராமரிப்பை ஒரு பெரிய ஒப்பந்ததாரரிடம் கொடுக்கிறார். அவர் இன்னொருவரிடம் கொடுக்கிறார். அந்த இன்னொருவர்தான் தம்பியைக் கூப்பிட்டவர். முதல் கடிதம் அவருக்குத்தான், அவருடைய பதிவு முகவரிக்குத்தான் போக வேண்டும்.

அப்படியானால் மேலே உள்ளவரைத் தேடி என்ன பயன்? சிபா என்று வழங்கும் 2012-ஆம் ஆண்டுக் கட்டுமானத் துறைச் சட்டம் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தங்களுக்குப் பொருந்தும். பழுதுபார்ப்பும் பராமரிப்பும்கூட அதில் அடங்கும். நீதிமன்றத்துக்குப் போகாமல் தீர்ப்பாளர் முன் வழக்காடி வென்ற பிறகும் பணம் வரவில்லையென்றால், 30-ஆவது பிரிவின்படி, தோற்றவருக்கு ஒரு படி மேலே உள்ளவரிடம் நேரடியாகக் கேட்கலாம். ஒரே நிபந்தனை, தோற்றவருக்கு அவர் தர வேண்டிய பணம் இன்னும் பாக்கி இருக்க வேண்டும். கவனியுங்கள், ஒரு படி மேலே. தம்பிக்கும் உரிமதாரருக்கும் நடுவில் இரண்டு ஒப்பந்ததாரர்கள் இருந்தால், அந்தப் படியில் நிற்பவர் உரிமதாரர் அல்ல, பெரிய ஒப்பந்ததாரர். நடுவில் ஒருவர் மட்டுமே என்றால் அது உரிமதாரர். சங்கிலியை முழுவதும் எழுதிப் பார்க்காமல் இது தெரியாது.

எனவே ஒரு தாளில் ஐந்து பெயர்களைப் பதிவு எண்ணோடு எழுதுங்கள்: உரிமதாரர், அதன் பங்குதாரர், நிலையத்தை இயக்குபவர், பெரிய ஒப்பந்ததாரர், தம்பிக்கு ஆணை கொடுத்தவர். வாசல் பலகையில் உள்ள பெயர் இவர்களில் யாராகவும் இருக்கலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நான் சொன்ன வழி தீபகற்பத்துக்கு மட்டுமே. சரவாக்கில் மின் உரிமம் மாநில அரசின் கையில். சபாவிலும் 2024 ஜனவரி முதல் மாநிலத்தின் சொந்த எரிசக்தி ஆணையமே பொறுப்பு. அங்குள்ள நிலையத்தைச் சுருஹான்ஜாயா தெனாகாவின் புதிய பட்டியலில் காணவில்லை என்றால், உரிமம் இல்லாமல் ஓடுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். வேறு கதவைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.