ஒரு போத்தல் ஸ்ட்ரிப்பும் மூன்று நோயாளரும்

மண்சரிவினால் வீட்டையும் காணியையும் விட்டு, ராகலைப் பக்கத்தில் உறவினர் வீடுகளிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் வாழும் குடும்பங்களில், சீனி வருத்தத்துக்கு மருந்தெடுப்போரும் இருக்கின்றனர். சீனி பார்க்கும் மீட்டரை யாராவது உதவியாகத் தரக்கூடும். ஆனால் அதில் செருகும் ஸ்ட்ரிப்பை மாதந்தோறும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். ஒரு ஸ்ட்ரிப் ஒரு தடவைக்கு மட்டுமே உதவும். எனவே, வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே மாதிரியாகச் சோதிப்பது சரியல்ல என்பதே எமது கருத்து.

விரலைக் குத்துமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். இந்த எண் கூடினாலோ குறைந்தாலோ, அதைப் பார்த்து நாமோ வைத்தியரோ எதையாவது மாற்றுவோமா? மாற்றுவோம் என்றால் அந்தச் சோதனை பயனுள்ளது. எதையும் மாற்றப்போவதில்லை என்றால் ஸ்ட்ரிப்பும் காசும்தான் வீண்.

இதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் இன்சுலின் எடுக்காத 450 நோயாளரை மூன்று பிரிவாக்கி ஓராண்டு கவனித்தார்கள். ஒரு பிரிவினர் வீட்டில் சோதிக்கவே இல்லை. மற்ற இரு பிரிவினரும் தினமும் ஒரு தடவை சோதித்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, ஆண்டின் இறுதியில் அவர்களது சராசரிச் சீனி அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இருக்கவில்லை.

ஆகவே, உணவுக் கட்டுப்பாடு மட்டும் உள்ளவர் தினமும் குத்திக்கொள்ளத் தேவையில்லை. கிளினிக்கில் எடுக்கும் வெறுவயிற்று இரத்தப் பரிசோதனையும், மூன்று தொடக்கம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனையும் பொதுவாக அவருக்குப் போதும். மெட்போமின் மட்டும் குடிப்பவருக்கும் இதுவே பொருந்தும். அந்தக் குளிசை தனியாக எடுக்கப்படும்போது சீனியை ஆபத்தான அளவுக்குக் குறைப்பது மிக அரிது.

கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளின் கதை வேறு. இவை உடலிலிருந்து இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. குளிசையைக் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் கரட் பாத்தியில் மண்வெட்டி பிடித்தால் சீனி விழுந்துவிடலாம். இவர்களும் தினமும் சோதிக்கத் தேவையில்லை. ஆனால் தலைச்சுற்று, நடுக்கம், வியர்வை வரும்போது சோதிக்க ஸ்ட்ரிப் கையிருப்பில் இருக்க வேண்டும்.

இன்சுலின் ஊசி போடுபவருக்கே வீட்டுச் சோதனை உண்மையில் தேவை. ஊசியின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று காட்டுவது அந்த எண்தான்.

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அம்மா காலையும் மாலையும் கலவை இன்சுலின் போடுகிறார். அப்பா மெட்போமினும் கிளிக்ளசைட்டும் குடிக்கிறார். சித்திக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும். கையில் 50 ஸ்ட்ரிப் கொண்ட ஒரு போத்தல் இருக்கிறது. மூவரும் தினமும் சோதித்தால் பதினேழாம் நாள் போத்தல் வெறுமையாகிவிடும்.

நாம் பங்கிடும் விதம் இது. அம்மாவின் ஊசி அளவு நிலையாக இருக்கும் மாதத்தில் அவருக்கு 30. ஒரு நாள் காலைச் சாப்பாட்டுக்கு முன், மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்று மாறி மாறிப் பார்க்கலாம். அப்பாவுக்கு 5. மிகுதி 15ஐ அவசரத்துக்கென ஒதுக்கிவைப்போம். சித்தி கிளினிக்கில் பார்த்துக்கொள்வார். ஊசி அளவை வைத்தியர் மாற்றிய நாட்களில் அம்மா இரண்டு வேளையும் பார்க்க வேண்டும். அப்போது அவசரப் பங்கிலிருந்து எடுக்கலாம்.

இரண்டு வேளை ஏன்? மாலை ஊசியின் பலன் மறுநாள் காலை எண்ணில் தெரியும். காலை ஊசியின் பலன் இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய எண்ணில் தெரியும். அம்மாவின் கொப்பியில் காலை 82, 76, 64 என்றும், இரவுக்கு முன் 190, 205, 198 என்றும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை எண்ணை மட்டும் பார்ப்பவர் சீனி நன்றாகக் கட்டுப்பட்டுவிட்டது என்று நினைக்கலாம். உண்மையில் மாலை ஊசி கூடிவிட்டது, காலை ஊசி போதவில்லை. 70க்குக் கீழே போனால் அது தாழ்சீனி. அவருக்கு நித்திரையில் வியர்க்கிறதென்றால், அதிகாலை 2 அல்லது 3 மணிக்கு ஒரு தடவை சோதிப்பது நல்லது. இந்தக் கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால்தான் எந்த ஊசியை மாற்றுவது என்று வைத்தியரால் தீர்மானிக்க முடியும்.

இந்தக் கணக்குப் பொருந்தாதவர்கள் இருவர் உண்டு. பிறவியிலோ சிறுவயதிலோ இன்சுலின் சுரப்பு நின்றுபோன பிள்ளைக்கு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் படுக்குமுன்னும் என்று தினமும் குறைந்தது நான்கு தடவை பார்க்க வேண்டும். அப்படியொரு பிள்ளை வீட்டில் இருந்தால் ஸ்ட்ரிப்பில் முதல் உரிமை அப்பிள்ளைக்கே. சீனி வருத்தமுள்ள கர்ப்பிணித் தாய்க்கு எத்தனை தடவை என்பதைக் கிளினிக்கே சொல்லும்.

அவசரப் பங்கு எதற்கு? காய்ச்சல், வாந்தி வரும்போது சாப்பிடாவிட்டாலும் சீனி ஏறும். இன்சுலின் போடுபவர் ஊசியைத் தாமாக நிறுத்தாமல், நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். 300க்கு மேல் நின்றாலோ, குடித்தது வயிற்றில் தங்காவிட்டாலோ வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முட்டு வருத்தத்துக்கு பிரெட்னிசலோன் குளிசை தொடங்கினால், பின்னேரத்துச் சீனியைப் பார்க்க வேண்டும். அந்தக் குளிசை காலை எண்ணைவிட மாலை எண்ணையே அதிகம் ஏற்றும். முகாமில் உலர் உணவை உண்டு சும்மா இருந்தவர் மீண்டும் தோட்ட வேலைக்கு இறங்கும் முதல் வாரமும் இப்படியானதே. உடல் உழைப்பு கூடும்போது சீனி குறையும்.

நடுக்கமும் வியர்வையும் வந்து சீனி 70க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தின் பின் மீண்டும் பார்க்க வேண்டும். ஸ்ட்ரிப் இல்லையென்றால் சோதனைக்காகக் காத்திராமல் சீனித் தண்ணீரைக் குடிக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குளிசையால் சீனி விழுந்தவர் தெளிந்தாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். பல மணித்தியாலத்தின் பின் அது மீண்டும் விழக்கூடும்.

பிழையான எண்ணால் தீர்மானமும் பிழைக்கும். பழம் வெட்டிய கையைக் கழுவாமல் சோதித்தால் எண் கூடுதலாகக் காட்டும். எமது பனி ஈரத்தில் போத்தலைத் திறந்து வைத்தால் ஸ்ட்ரிப் பழுதாகிவிடும். அதிகாலைக் குளிரில் மீட்டர் வேலை செய்யாமல் பிழை என்று காட்டினால், சற்றுநேரம் சட்டைக்குள் வைத்துச் சூடேறியபின் பாருங்கள். மீட்டரைத் துடைத்துவிட்டு மூவரும் பாவிக்கலாம். ஆனால் குத்தும் ஊசியையும் அதைச் செருகும் பேனையையும் ஒருவர் பாவித்தபின் இன்னொருவர் தொடவே கூடாது. ஈரல் அழற்சிக் கிருமி அதன்வழி பரவும்.

உதவி வழங்குவோரிடமும் நாம் கேட்பது இதுவே. ஆளுக்கொரு போத்தல் என்று சமமாகப் பிரித்துக் கொடுக்கவேண்டாம். பெயர்ப் பட்டியலில் யார் இன்சுலின் போடுகிறார், யார் என்ன குளிசை குடிக்கிறார் என்று முதலில் எழுதுங்கள். இன்சுலின் போடுபவருக்கு மாதம் முடியும்வரை ஸ்ட்ரிப் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவரின் பங்கைத் தீர்மானியுங்கள்.