சுழலும் சிறு சக்கரம்

என்னிடம் கல்வி பயிலும் மாணவன் ஒருவன் அண்மையில் ஒருநாள் மாலை தன் கைத்தொலைபேசியில் ஒரு சிறு காணொளியைக் காட்டினான். ஒரு நிமிடங்கூட ஓடாத காட்சி அது. குழாய் வேலை செய்யும் தொழிலாளி ஒருவர் வீட்டு வாசலிலுள்ள நீர்மானியின் மூடியைத் திறந்து, அதன் முகத்திலே தெரியும் ஒரு சிறு சக்கரத்தை விரலாற் சுட்டுகின்றார். "வீட்டிலுள்ள குழாய்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு வந்து இதைப் பாருங்கள். இது அசையாமல் நின்றால் நல்லது. சுழன்றால் எங்கோ தண்ணீர் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள்" என்கிறார். அவ்வளவுதான்.

"எங்கள் வீட்டில் இது சுழல்கிறது, சேர். அம்மா பயந்து போயிருக்கிறா" என்றான் மாணவன். வழக்கமாக மாதம் 17 அலகு அளவில் வரும் தண்ணீர்க் கட்டணப் பட்டியல் அம்முறை 38 அலகு என்று வந்திருந்தது. ஓர் அலகு என்பது 1,000 லீற்றர். வீட்டிலே புதிதாக எவரும் வந்து தங்கவில்லை, தோட்டமும் இல்லை.

வெள்ளவத்தையிலுள்ள அவ்வீட்டுக்கு மறுநாட் காலை சென்றேன். தொழிலாளி சொன்னதிற் பிழையில்லை. ஆயினும் எமது வீடுகளுக்கு அது போதாது. எம்மவர் வீடுகள் பலவற்றிலே கூரைமீது ஒரு தண்ணீர்த் தாங்கி இருக்கின்றது. பிரதான குழாயால் வரும் நீர் முதலில் அதிலே சேர்ந்து, பின்னரே குளியலறைக்கும் மலசலகூடத்துக்கும் இறங்குகின்றது. தாங்கி நிரம்பும் வரை அதன் மிதவை நீரை உள்ளே விட்டுக்கொண்டேயிருக்கும். கீழே எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு நீர்மானியைப் பார்த்தாலும் சக்கரம் சுழலத்தான் செய்யும். அதைக் கண்டு ஒழுக்கு என்று முடிவு செய்து, நல்ல நிலத்தைத் தோண்டியவர்களும் உளர்.

ஆகவே சோதனையை இரண்டு படியாகச் செய்தோம். தாங்கி நிரம்பி, மிதவை மேலெழுந்து, நீர் விழும் ஓசை முற்றாக நின்ற பின்னர், வீட்டுக் குழாய்கள் யாவும் பூட்டியிருக்க, நீர்மானியைப் பார்த்தோம். சக்கரம் மெல்ல மெல்லச் சுழன்றது. அடுத்து மாணவன் ஏணியில் ஏறி, தாங்கிக்குள் நீர் செல்லும் குழாயிலுள்ள வால்வைப் பூட்டினான். அப்போது சக்கரம் நின்றிருந்தால் குற்றம் தாங்கியிலோ அதற்குக் கீழுள்ள குழாய்களிலோ இருக்க வேண்டும். மிதவையின் றப்பர் தேய்ந்து, மிகுதி நீர் வெளிக்குழாயால் வழிந்துகொண்டிருக்கலாம். அல்லது மலசலகூடத் தொட்டியிலிருந்து நீர் சத்தமின்றிக் கோப்பைக்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம். இவை பெரும்பாலும் சிறு செலவில் தீரும் குறைகள். ஆனால் சக்கரம் நிற்கவில்லை.

அவ்வீட்டின் குழாய் வாசலிலிருந்து முற்றத்தின் கீழும் சமையலறைத் தரையின் கீழும் ஓடி, பின்சுவர் வழியே தாங்கிக்கு ஏறுகின்றது. சமையலறையில் குடிநீருக்கென ஒரு குழாய் தாங்கியைத் தொடாமல் அதிலிருந்து நேரே கிளைக்கின்றது. அக்குழாயும் பூட்டியே இருந்தது. எனவே ஒழுக்கு கண்ணுக்குத் தெரியாத புதைகுழாயில் என்பது உறுதியாயிற்று.

எவ்வளவு ஒழுகுகின்றது என்று அறிய மாணவனை ஒரு கணக்குச் செய்யச் சொன்னேன். அந்த நீர்மானியிற் கறுப்பு இலக்கங்கள் அலகையும், சிவப்பு இலக்கங்கள் அதன் பின்னங்களையும் காட்டின. கடைசிச் சிவப்பு இலக்கம் ஒரு லீற்றர். 10 நிமிடத்தில் 5 லீற்றர் கூடிற்று. மணிக்கு 30, நாளொன்றுக்கு 720, 30 நாளில் 21,600 லீற்றர். ஏறக்குறைய இருபத்தொன்றரை அலகு! பழைய 17 உடன் கூட்டினால் பட்டியலிற் கண்ட தொகைக்குக் கிட்ட வந்து நிற்கின்றது. "அப்படியென்றால் வேறு எங்கும் பிழை இல்லை" என்று அவன் தானே சொன்னபோது, கணக்குப் படிப்பித்த ஆசிரியருக்கு எத்தகைய இன்பம் உண்டாயிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

தாயாரின் கவலை பணத்தைப் பற்றியது. எனது கவலை வேறு. குழாயில் அழுத்தம் உள்ளவரை நீர் வெளியேதான் பாயும். திருத்த வேலைக்காக விநியோகம் நிறுத்தப்படும் வேளையில் அழுத்தம் இல்லாமற் போய்விடும். அப்போது அதே வெடிப்பின் வழியாக நிலத்திலுள்ள ஈரமும் அழுக்கும் உள்ளே இழுக்கப்படலாம். மலகூடக் குழிக்கு அருகே குழாய் செல்லுமானால் இது விளையாட்டன்று. "தண்ணீர் நின்று திரும்ப வரும்போது சமையலறைக் குழாயில் முதலில் கலங்கல் வருகிறதா, பிள்ளை?" என்று கேட்டேன். "இரண்டு மூன்று முறை வந்தது, எல்லா வீட்டிலும் வருவதுதானே என்று விட்டுவிட்டேன், மாஸ்டர்" என்றார். விநியோகம் மீளும்போது பொதுக்குழாயின் மண்டியும் வருவதுண்டு. ஆதலால் கலங்கலை மட்டும் வைத்து முடிவு கூற இயலாது. ஆனால் தாங்கியின் வால்வைப் பூட்டிய பின்னும் சுழலும் சக்கரமும் கலங்கலும் ஒரே வீட்டில் சேர்ந்திருந்தால், அன்றைக்கே தொழிலாளியை அழைக்க வேண்டும். அதுவரை குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆற்ற வேண்டும். தாயார் அவ்வாறே செய்தார்.

மாணவன் அலவாங்குடன் முற்றத்துக்கு இறங்கிவிட்டான். நான் தடுத்தேன். ஒழுகும் இடம் ஈரமாகத் தெரியும் என்று எண்ணுவது இயல்பு. கடற்கரையை அடுத்த அந்த மணல் நிலமோ நீரை உடனே உறிஞ்சிக்கொள்கின்றது. இடமறியாமற் குத்தினால் நல்ல குழாய் உடையும்; மின்கம்பி புதைந்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

பிற்பகல் வந்த தொழிலாளி முதலில் மண்வெட்டியைத் தொடவில்லை. நீர்மானியை அடுத்திருந்த வால்வைப் பூட்டினார், சக்கரம் நின்றது. அப்போதும் அது சுழன்றிருந்தால் ஒன்றில் அந்த வால்வு சரியாகப் பூட்டவில்லை, அல்லது நீர்மானிக்கும் வால்வுக்கும் இடையே கசிகின்றது என்று பொருள். நீர்மானியில் நாமோ தொழிலாளியோ கை வைக்கலாகாது, அது நீர் வழங்கும் சபையின் பொறுப்பு. பின்னர் குழாய் சமையலறைக்குள் நுழையும் இடத்தில் மட்டும் தோண்டி, அதை வெட்டி, வாசற்பக்க முனைக்கு மூடியிட்டு, வால்வைத் திறந்தார். சக்கரம் அசையவில்லை. முற்றம் குற்றமற்றது, மிஞ்சியது சமையலறைத் தரையின் கீழுள்ள பகுதி. இவ்வாறு பாதி பாதியாகத் தள்ளிக்கொண்டு போவதே அவர்கள் தொழிலின் நுட்பம்.

தரையை உடைப்பதா என்று தாயார் கலங்கினார். "வேண்டாம் அக்கா, பழைய குழாயை அப்படியே கைவிட்டு, சுவரோடு புதிதாக ஒன்று வெளியே தெரியும்படி கொண்டுபோவோம். அடுத்த முறை ஒழுகினால் கண்ணாலேயே காணலாம்" என்றார் அவர். அழகு குறைவுதான், ஆனால் நல்ல யோசனை. மறுநாள் மாலை வேலை முடிந்தது. கைவிட்ட குழாயின் முனைகளை அவர் அடைக்க மறக்கவில்லை. பசை இறுகப் போதிய நேரம் விட்டு நீரைத் திறந்த பின்னர், சமையலறைக் குழாயிலிருந்து தெளிந்த நீர் வரும்வரை ஓடவிட்டார்.

இச்சோதனையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சக்கரம் நிற்பதனால் மட்டும் வீட்டில் ஒழுக்கே இல்லை என்றாகாது. தாங்கிக்குக் கீழுள்ள சிறு ஒழுக்கு, நீர்மட்டம் சற்று இறங்கி மிதவை திறக்கும்வரை நீர்மானிக்குத் தெரியாது. அதற்கு இரவு படுக்கும்முன், நிறைந்த தாங்கியின் வால்வைப் பூட்டிவிட்டு, எவரும் நீரைத் தொடாதபடி பார்த்து, விடியலில் தாங்கியின் மட்டத்தை நோக்க வேண்டும். மட்டம் இறங்கியிருந்தால் முதலில் மலசலகூடத் தொட்டியில் நீலச் சாயம் சிறிது இட்டு, நீரிறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் தொட்டியின் அடியிலுள்ள றப்பரே கள்வன்.

நேற்று மாணவனின் வீட்டுப் பட்டியல் வந்ததாம். 18 அலகு.