முகூர்த்த நாளின் அரைமணி நேரம்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் கல்யாண மண்டபம் நடத்துகிற நாங்கள் பல ஆண்டுகளாக ஒரு காகிதத்தைப் படிக்காமலே பணம் கட்டி வந்திருக்கிறோம். மாதாமாதம் வருகிற உயரழுத்த மின்கட்டணப் பட்டியல்தான் அது. யூனிட் எவ்வளவு, தொகை எவ்வளவு என்று பார்ப்போம், ஆடிட்டருக்கு அனுப்பிவிடுவோம். அதற்கு இடையில் அச்சிட்டிருக்கிற பதிவான மின்தேவை, ஒப்பந்த மின்தேவை, பவர் ஃபேக்டர் ஆகிய மூன்று வரிகளை எங்களில் பெரும்பாலோர் கேட்டுத் தெரிந்துகொண்டதே இல்லை. 2022 செப்டம்பரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மின்தேவைக் கட்டணத்தை ஒரு கேவிஏவுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ஆக்கியபோதுகூடக் கட்டண உயர்வைக் குறை சொன்னோமே தவிர, எங்கள் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை.

மின்தேவைக் கட்டணம் எத்தனை யூனிட் ஓடியது என்பதைப் பார்ப்பதில்லை. மாதத்தில் எந்த அரைமணி நேரத்தில் நாம் அதிகமாக இழுத்தோமோ, அந்த அரைமணியின் சராசரியை மீட்டர் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த எண், ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த அளவின் 90 விழுக்காடு, இரண்டில் எது பெரிதோ அதற்குக் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் இரட்டிப்புக் கட்டணம்.

டெல்டாவில் இது மண்டபக்காரர்களை நேராகத் தாக்குகிறது. சம்பா அறுத்து நெல் போட்ட பணம் கைக்கு வந்தபிறகு தையிலும் மாசியிலும் கல்யாணம் வரும். பங்குனி பாதியோடு நிற்கும், சித்திரை வைகாசியில் மறுபடி கூடும். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கிற மாதத்துக்கும் 90 விழுக்காடு போய்க்கொண்டே இருக்கும்.

இங்கே வழக்கமாகக் காணக்கூடிய ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தம் 200 கேவிஏ. கணக்கு எளிதாக இருக்க ஒரு கேவிஏவுக்கு 600 ரூபாய் என்று வைப்போம். மார்கழியில் 25 கேவிஏகூடப் பதிவாகாவிட்டாலும் 180 கேவிஏவுக்கு 1,08,000 ரூபாய் கட்ட வேண்டும். தை முகூர்த்தத்தன்று காலை ஐந்து மணிக்கு என்ன நடக்கிறது? மண்டபத்து ஏசி 72 கிலோவாட், சாப்பாட்டுக் கூடத்து ஏசி 36, அறைகள் 24, விளக்கும் சீரியல் செட்டும் 14, சமையல்கட்டு 12, தண்ணீர் மோட்டாரும் லிஃப்டும் 10. மொத்தம் 168 கிலோவாட். இதில் பவர் ஃபேக்டர் 0.78 என்றால், 168-ஐ 0.78-ஆல் வகுக்க, மீட்டரில் விழுவது 215 கேவிஏ. முதல் 200-க்கு 1,20,000, தாண்டிய 15-க்கு 1,200 வீதம் 18,000. ஆக 1,38,000 ரூபாய்.

பவர் ஃபேக்டர் என்பது, கம்பியில் வருகிற மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்ற விகிதம். பழைய ஏசி கம்ப்ரசர், மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் காந்தப்புலத்துக்காகக் கூடுதலாக இழுப்பவை. மாதச் சராசரி 0.90-க்குக் கீழே போனால் தண்டம் உண்டு. 0.85 வரை குறைகிற ஒவ்வொரு 0.01-க்கும் யூனிட் கட்டணத்தில் 1 விழுக்காடு. 0.85-க்கும் 0.75-க்கும் இடையே விழுந்தால் 0.90-லிருந்து எண்ணி ஒவ்வொன்றுக்கும் 1.5, அதற்கும் கீழே 2 விழுக்காடு. நம் மண்டபம் 0.78-இல் நிற்கிறது. பன்னிரண்டு புள்ளிக்கு 18 விழுக்காடு. அந்த மாத யூனிட் கட்டணம் 1,50,000 என்றால் தண்டம் மட்டும் 27,000.

கபாசிட்டர் பேனல் எங்களிடம் இல்லாமல் இல்லை. கட்டடம் கட்டியபோது வைத்தது, அதன்பின் திறந்து பார்த்தவர்கள் குறைவு. 440 வோல்ட்டில் 25 கேவிஏஆர் கபாசிட்டர் நல்ல நிலையில் ஒரு ஃபேஸில் 33 ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்து 20 ஆம்பியர் காட்டினால் அதன் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். எலெக்ட்ரீஷியனுக்கு ஐந்து நிமிட வேலை இது. நாங்கள் அவரிடம் அதைச் செய்யச் சொன்னதில்லை. எல்இடி சீரியல் செட்டும் இன்வெர்ட்டர் ஏசியும் வந்தபின் அலைவடிவம் கெட்டு, கபாசிட்டர் சூடாகி உப்பிவிடுகிறது. வெறும் கபாசிட்டரை மாற்றிக்கொண்டே இருந்தால் மறுபடி உப்பும். ரியாக்டரோடு சேர்த்துப் போட வேண்டும்.

இதைவிட வருத்தம் தருவது மார்கழிக் கணக்கு. மண்டபம் பூட்டியதும் வாட்ச்மேன் பேனலை அணைத்துவிடுகிறார். சிக்கனம் என்று நாங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது, மீட்டரோ அதற்கு முன்னால், உயரழுத்தப் பக்கத்தில் இருக்கிறது. 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் சும்மா இருக்கும்போதே 5 கேவிஏஆர் அளவுக்கு இழுக்கக்கூடும். எரிகிறது வெறும் நாலு விளக்கும் ஒரு ஃப்ரிட்ஜும் என்றால் மாதச் சராசரி 0.60-க்கும் இறங்கும், தண்டம் 60 விழுக்காடு ஆகும். தானியங்கிப் பேனல் இதைச் சரிசெய்யாது. அதன் சிடி தாழ்வழுத்தப் பக்கத்தில் இருப்பதால் டிரான்ஸ்ஃபார்மர் இழுப்பது அதன் கண்ணில் படாது. 5 கேவிஏஆர் கபாசிட்டர் ஒன்றை நிரந்தரமாக இணைத்துவிட்டால் தீர்ந்தது. அந்தச் சிறு செலவை யாரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் யாரையும் கேட்கவில்லை.

சரி செய்தால் என்ன ஆகும்? 100 கேவிஏஆர் அளவுக்கு நல்ல பேனல் போட்டால் 0.98 வரும், 168 கிலோவாட் 171 கேவிஏ ஆகும். அடுத்தது நேரம். தண்ணீர்த் தொட்டியை முந்தின இரவே நிரப்பலாம். சாப்பாட்டுக் கூடத்தை நான்கு மணிக்கே குளிரவைத்து, மண்டபத்து ஏசி ஏறும்போது பாதி குறைக்கலாம். தாலி கட்டும் நேரத்தில் அறைகளில் ஆளில்லை, அங்கே ஏசி தேவையில்லை. இப்படி 28 கிலோவாட் குறைந்தால் 140 கிலோவாட், அதாவது 143 கேவிஏ. கல்யாணத்துக்கு வந்தவர்கள் யாருக்கும் புழுங்காது. ஒரு பருவம் முழுக்க, ஒவ்வொரு முகூர்த்தத்தன்று மாலையும் மீட்டர் திரையில் பதிவான மின்தேவையைக் குறித்துவைத்து, எண் நிலைத்தபின் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் ஒப்பந்தத்தை 160-க்கு இறக்கக் கேட்கலாம். 90 விழுக்காடு 144. மாதம் 86,400.

குறித்துவைக்காமல் அவசரப்பட்டு 120-க்கு இறக்குவது வேறு வகை அலட்சியம். ஒவ்வொரு முகூர்த்த மாதமும் இரட்டிப்பு விழும், மறுபடி கூட்டப் போனால் வளர்ச்சிக் கட்டணம் கேட்பார்கள். 160 வைத்து ஒரு மாதம் மட்டும் 175 தொட்டால், 1,14,000 கட்டுவோம். பழைய 1,08,000-ஐவிட 6,000 கூடுதல், மற்ற மாதங்களில் மிச்சமாகிற 21,600-க்கு முன் அது தாங்கக்கூடியது.

இதெல்லாம் எங்கள் காசு மட்டும் என்றால் இப்படி எழுத வேண்டியதில்லை. கல்யாண வீட்டுக்காரரிடம் "கரண்டுக்குத் தனி" என்கிறோம். முழுப் பட்டியலையும் யூனிட்டால் வகுத்து, வருகிற விலையை அவர்கள் தலையில் வைக்கிறோம். அந்தத் தை மாதத்தை, வரி நீங்கலாகக் கூட்டிப் பாருங்கள். மின்தேவை 1,38,000, யூனிட் 1,50,000, தண்டம் 27,000, ஆக 3,15,000. இதில் தவிர்த்திருக்கக்கூடியது 51,600-உம் 27,000-உம் சேர்ந்து 78,600, நான்கில் ஒரு பங்கு. களத்தில் ஈரப்பதம் பார்த்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக்கிடந்து வாங்கிய பணத்திலிருந்து, நாங்கள் திறந்து பார்க்காத பேனலுக்காகப் பெண்ணைப் பெற்றவர் கட்டியிருக்கிறார். ரசீதில் அதற்கு நாங்கள் போட்ட பெயர் மின்கட்டணம்.

வருகிற தை முகூர்த்தத்துக்கு முன் எங்கள் மண்டபங்களின் கடந்த பன்னிரண்டு மாதப் பட்டியல்களை எடுத்து, தண்டத்தையும் இரட்டிப்பையும் தனியே எழுதப்போகிறோம். அந்த இரண்டு தொகைகளும் இனி யூனிட் விலையில் சேராது, மண்டபக் கணக்கிலேயே செலவாக நிற்கும். ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுபற்றி எங்களுக்குள் இன்னும் ஒருமனது வரவில்லை.